வாங்குவதா, வாடகையிலேயே இருப்பதா? ஓர் இளம் தம்பதியின் பத்தாண்டுக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் இருவரின் சம்பளமும் சேர்ந்து மாதம் 1,30,000 ரூபாய். கையில் 23 லட்சம் இருக்கிறது. சேலையூரில் 18,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். அதே தெருவில் அதே அளவு புது ஃபிளாட் 65 லட்சத்துக்கு வருகிறது. வாங்கிவிடலாமா?

உங்கள் கணக்கை வைத்துப் பார்த்தால், வாடகையிலேயே இருந்து மிச்சப் பணத்தை மாதந்தோறும் தவறாமல் சேமிப்பவர்தான் பத்தாண்டு முடிவில் முன்னால் இருப்பார். மிச்சத்தில் பாதிகூடச் சேமிக்கமாட்டோம் என்று தெரிந்தால் வாங்கிவிடுங்கள். இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றுக்கொன்று முரண்போலத் தோன்றும். கீழே உள்ள கணக்கைப் பார்த்தால் முரண் இல்லை என்பது புரியும்.

எல்லாக் கேள்விகளுக்கும் இதே ஃபிளாட்டையே எடுத்துக்கொள்கிறேன்: 950 சதுர அடி, இரண்டு படுக்கையறை, கட்டி முடித்துப் பணி நிறைவுச் சான்றிதழ் வாங்கிய கட்டடம். வேறு ஊரில், வேறு விலையில் பார்ப்பவர்கள் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், வழிமுறை ஒன்றுதான்.

வீட்டு விலை 65 லட்சம். கடன் 80 சதவீதம் கிடைக்கிறது. அப்படியானால் கையிலிருந்து 13 லட்சம் போதும்தானே?

போதாது. உங்களிடம் உள்ள 23 லட்சமும் சாவி கைக்கு வரும்போது தீர்ந்திருக்கும்.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. அந்த மதிப்பில் பத்திரப்பதிவுச் செலவு சேராது. ஆகவே 52 லட்சம் கடன்; 13 லட்சம் உங்களுடையது. அதன்மேல் பத்திரப்பதிவு. தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் முதல் புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனையை, மனைப்பங்கும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் பதிவு செய்கிறார்கள். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 65 லட்சத்துக்கு அது 4,55,000 ரூபாய். வங்கியின் நடைமுறைக் கட்டணம், வக்கீல் பார்வை, அடமானப் பதிவு எல்லாம் சேர்த்து 45,000 என்று வையுங்கள். குடியிருப்போர் சங்கத்தின் கார்பஸ் நிதி, மின் இணைப்புப் பெயர் மாற்றம் போன்றவற்றுக்கு ஒரு லட்சம்.

கடைசியாக, எல்லோரும் மறந்துவிடுகிற செலவு. புது ஃபிளாட்டில் சுவர்தான் இருக்கும். சமையலறை அலமாரி, துணி அலமாரி, கொசுவலைக் கதவு, ஜன்னல் கிரில், மின்விசிறி, விளக்கு, கீசர் எல்லாம் நீங்கள்தான் போட வேண்டும். இப்போதுள்ள வாடகை வீட்டில் அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருக்கின்றன. சிக்கனமாகச் செய்தாலும் 4 லட்சம் ஆகும். கூட்டிப் பாருங்கள்: சரியாக 23 லட்சம்.

வேலை போனாலோ மருத்துவமனைக்கு அலைய நேர்ந்தாலோ எடுத்துச் செலவழிக்க அன்றைக்கு உங்களிடம் எதுவும் இருக்காது. கணக்கில் வாங்குவது லாபம் என்று வந்தாலும், ஆறு மாதச் செலவும் ஆறு மாதத் தவணையும் தனியாக இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

வாடகை என்பது வீணாகும் பணம், தவணை என்பது சொத்தாகும் பணம் என்று மாமனார் சொல்கிறார். சரிதானே?

பாதி சரி. தவணையின் எந்தப் பகுதி சொத்தாகிறது என்று அவர் பார்த்திருக்கமாட்டார்.

52 லட்சம் கடன், 20 ஆண்டு, 8 சதவீத வட்டி. மாதத் தவணை 43,495 ரூபாய். முதல் மாதத் தவணையைப் பிரித்துப் பாருங்கள்: 34,667 ரூபாய் வட்டிக்குப் போகிறது, அசலில் கழிவது 8,828 ரூபாய்தான். நீங்கள் கொடுக்கிற 18,000 வாடகையைப்போல ஏறக்குறைய இரு மடங்கு வட்டியாகப் போகிறது. மாதம் செல்லச் செல்ல அசலின் பங்கு கூடும் என்பது உண்மை. ஆனால் மிக மெதுவாகக் கூடும். பத்தாண்டில் நீங்கள் கட்டியிருப்பது 52.19 லட்சம். அதில் வட்டி 36.04 லட்சம், அசல் 16.15 லட்சம். வாங்கிய கடன் தொகை முழுவதையும் கட்டிவிட்ட பிறகும் இன்னும் 35.85 லட்சம் பாக்கி நிற்கும்.

எக்செல் தாளில் நீங்களே சரிபார்க்கலாம். முதல் வரி தவணை, இரண்டாவது வரி பத்தாண்டு முடிவில் பாக்கி:

```
=PMT(8%/12, 240, -5200000)
=FV(8%/12, 120, 43495, -5200000)
```

இனி, திரும்பி வராத பணத்தை மட்டும் இரு பக்கமும் வைத்துப் பார்ப்போம். வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் பத்தாண்டில் 27.17 லட்சம் கொடுப்பீர்கள். இடையில் இரண்டு முறை வீடு மாற வேண்டியிருக்கும் என்று வைத்து, புரோக்கர் கமிஷன், சாமான் வண்டி, காலி செய்யும்போது வெள்ளையடிக்கப் பிடித்துக்கொள்வது எல்லாவற்றுக்கும் ஒன்றரை லட்சம். மொத்தம் 28.67 லட்சம். சொந்த வீட்டில் வட்டி 36.04 லட்சம், பத்திரச் செலவும் வங்கிச் செலவும் 5 லட்சம், சங்க நிதியும் உள்வேலையும் 5 லட்சம், பத்தாண்டுச் சொத்து வரியும் பழுதுபார்ப்பும் 3 லட்சம். மொத்தம் 49 லட்சம்.

மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணத்தை இரு பக்கமும் சேர்க்கவில்லை. சென்னையில் பெரும்பாலும் அதைக் குடியிருப்பவரே கட்டுகிறார்.

வட்டி போனால் போகட்டும், வீட்டு விலை ஏறுமே?

ஆமாம், வாங்குவதன் நியாயமே அதில்தான் இருக்கிறது. ஆகையால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

வாடகையில் இருப்பவரின் கையிருப்பை முதலில் பார்ப்போம். வாங்காததால் 23 லட்சம் கையிலேயே இருக்கிறது. அதில் ஒரு லட்சம் வீட்டுக்காரரிடம் அட்வான்ஸாக இருக்கட்டும். மீதி 22 லட்சத்தை, வரி போக 7 சதவீதம் தரும்படி வைப்பு நிதி, பி.பி.எஃப்., கொஞ்சம் இண்டெக்ஸ் ஃபண்ட் என்று கலந்து போட்டால் பத்தாண்டில் 43.28 லட்சம் ஆகும். அடுத்தது மாத வித்தியாசம். வாங்கியிருந்தால் தவணை, சொத்து வரி, பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்து மாதம் 46,000 போயிருக்கும். வாடகையும் வீடு மாறும் செலவும் போக முதலாண்டில் மாதம் 26,750 மிஞ்சும். வாடகை ஏற ஏற இந்த மிச்சம் குறைந்து, பத்தாம் ஆண்டில் 16,800 அளவில் நிற்கும். அதையும் மாதந்தோறும் அதே 7 சதவீதத்தில் போட்டால் 38.96 லட்சம். அட்வான்ஸையும் சேர்த்தால் கையில் 83.24 லட்சம்.

வாங்கியவரின் நிலை விலையேற்றத்தைப் பொறுத்தது. ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் வீடு 105.88 லட்சம் பெறும். பாக்கிக் கடனைக் கழித்தால் அவருடையது 70.03 லட்சம். வாடகையில் இருந்தவர் 13 லட்சம் முன்னால் இருக்கிறார். 7 சதவீதம் ஏறினால் வீட்டின் மதிப்பு 127.86 லட்சம், கடன் போக 92 லட்சம். இப்போது வாங்கியவர் 9 லட்சம் முன்னால். 3 சதவீதம்தான் ஏறியது என்றால் வாங்கியவரிடம் 51.5 லட்சமே இருக்கும்; கிட்டத்தட்ட 32 லட்சம் பின்தங்கிவிடுவார். இரண்டும் சமமாகும் இடம் ஏறக்குறைய 6.25 சதவீதம்.

வீட்டை விற்றுப் பணமாக்கினால் இந்த எல்லை இன்னும் உயரும். விற்பனைக்கு ஒரு சதவீதம் தரகு, லாபத்தில் 12.5 சதவீதம் நீண்டகால மூலதன ஆதாய வரி. இப்போது வாங்கும் வீட்டுக்குப் பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியவர்களுக்குத்தான் பழைய முறையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கிறது. இந்தச் செலவுகளோடு பார்த்தால், விலை ஆண்டுக்கு 7 சதவீதம் ஏறினால்தான் வாங்கியவரும் வாடகையில் இருந்தவரும் சமம். வந்த பணத்தில் வேறு வீடு வாங்கினால் ஆதாய வரிக்கு விலக்கு உண்டு.

எங்கள் அத்தை 1998-ல் 3 லட்சத்துக்கு வாங்கிய மனை இன்று 90 லட்சம். வீட்டு விலை வெறும் 5 சதவீதம்தான் ஏறும் என்கிறீர்களே?

அத்தை வாங்கியது மண். நீங்கள் வாங்குவது பாதி மண், பாதி கட்டடம். மண் விலை ஏறும். கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு பழசாகும்.

பத்திரத்தில் உங்கள் பெயருக்கு எழுதப்படும் பிரிபடாத மனைப்பங்கு, அதாவது யு.டி.எஸ்., எத்தனை சதுர அடி என்று முதலில் கேளுங்கள். இந்த ஃபிளாட்டில் 450 சதுர அடி, அங்கே மனை விலை சதுர அடிக்கு 7,000 என்று வைப்போம். 65 லட்சத்தில் மண்ணின் பங்கு 31.5 லட்சம், கட்டடத்தின் பங்கு 33.5 லட்சம். மனை விலை ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் பத்தாண்டில் மண் 68 லட்சம் பெறும். கட்டுமானச் செலவு கூடுவதும் கட்டடம் தேய்வதும் ஒன்றையொன்று ஈடுகட்டிக் கட்டட மதிப்பு அப்படியே நின்றால், மொத்தம் 101.5 லட்சம். ஆண்டுக்கு 4.6 சதவீத ஏற்றம். 5 சதவீதம் என்று நான் எடுத்துக்கொண்டது இதனால்தான்.

அதே விலைக்கு நீச்சல் குளம், ஜிம், பத்து மாடி என்று காட்டும் திட்டத்தில் மனைப்பங்கு 300 சதுர அடிதான் வருகிறது என்றால், அதே 8 சதவீத மண் விலையேற்றத்தில் வீட்டின் மொத்த மதிப்பு ஆண்டுக்கு 3.2 சதவீதமே ஏறும். இரண்டு விளம்பரங்களும் 950 சதுர அடி என்றே சொல்லும். மூன்று மாடி, லிஃப்ட் ஒன்று, எட்டு வீடு என்கிற பழைய பாணிக் கட்டடத்தில் மனைப்பங்கு பெரும்பாலும் அதிகமாக இருக்கும். வசதி குறைவாக இருந்தாலும் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

மாத மிச்சத்தை ஒழுங்காகச் சேமிப்போமா என்பது எங்களுக்கே நிச்சயமில்லை. அப்போது?

கணக்கு அப்படியே தலைகீழாக மாறிவிடும். மாத மிச்சத்தைச் செலவழித்துவிட்டு ஆரம்பப் பணத்தை மட்டும் வைத்திருந்தால் பத்தாண்டு முடிவில் உங்களிடம் இருப்பது 44.28 லட்சம். அப்போது விலை வெறும் 3 சதவீதம் ஏறினாலும் வாங்கியவர்தான் முன்னால். மிச்சத்தில் பாதியைச் சேமித்தால் 63.76 லட்சம், 5 சதவீத ஏற்றத்தில் அதுவும் வாங்கியவரைவிடக் குறைவு. வீட்டுக்கடனுக்கு எத்தனை வட்டி போனாலும், அது சம்பளம் வந்த மறுநாளே பணத்தைக் கட்டாயமாகப் பிடுங்கிக்கொள்கிறது. வாடகைக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

உங்களைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அடுத்த ஓராண்டுக்கு, வீடு வாங்கிவிட்டதாகவே பாவித்து, மாதம் 26,750 ரூபாயைத் தொடர் வைப்பிலோ எஸ்.ஐ.பி.யிலோ தானாகப் பிடித்துக்கொள்ளும்படி போடுங்கள். கல்யாணம், தீபாவளி, பள்ளிக் கட்டணம் என்று எது வந்தாலும் அதைத் தொடாமல் ஓராண்டு ஓட்ட முடிந்தால், மேலே சொன்ன 83 லட்சம் உங்களுக்குச் சாத்தியம். ஆறு மாதத்தில் நிறுத்த நேர்ந்தால் இன்னொன்றும் தெரிந்துவிடும்: 43,495 ரூபாய்த் தவணையையும் உங்களால் நிம்மதியாகக் கட்ட முடியாது.

வருமான வரிச் சலுகையை நீங்கள் சேர்க்கவே இல்லையே?

புதிய வரிமுறையில், தாங்களே குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. வாடகைப் படிக்கும் கிடையாது. பழைய முறையில் இருப்பவர்களுக்கு வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. இருவர் பெயரிலும் வீடும் கடனும் இருந்தால் ஆளுக்கு 2 லட்சம். ஆனால் அதே பழைய முறையில் வாடகைக்காரருக்கும் வீட்டு வாடகைப் படி விலக்கு இருக்கிறது. புதிய முறையில் இருந்தால் இந்தக் கேள்வியை விட்டுவிடலாம்.

வாடகை எவ்வளவு உயர்ந்தால் வாங்குவதே மேல் ஆகும்?

விலை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் என்று வைத்தால், இதே வீட்டுக்கு மாதம் 24,300 ரூபாய் அளவில் இரண்டும் சமம். ஆண்டு வாடகை வீட்டு விலையில் நான்கரை சதவீதம் என்பது அந்தக் கோடு. உங்கள் வாடகை இப்போது 3.3 சதவீதம்தான். 26,000 கேட்கிற இடமாக இருந்தால் வாடகைக்காரரின் கையிருப்பு 66 லட்சமாகக் குறைந்துவிடும். வாங்குங்கள் என்றே சொல்வேன். ஒப்பிடும்போது அதே தெரு, அதே அளவு வீட்டின் வாடகையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஒற்றைப் படுக்கையறை வீட்டு வாடகையைப் புது ஃபிளாட்டின் தவணையோடு வைத்துப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கணக்கில் எந்த விடையும் சரியாக வராது.

ஐந்து வருடத்தில் வேறு ஊருக்கு மாற்றலாகலாம். அதற்குள் விற்றுவிட்டால்?

வாங்காதீர்கள். ஐந்தாண்டில் 26.1 லட்சம் தவணை கட்டியிருப்பீர்கள். அசலில் கழிந்திருப்பது 6.49 லட்சம். 5 சதவீத விலையேற்றத்தோடு விற்று, தரகும் வரியும் கடனும் போனால் கையில் 35 லட்சம் வரும். வாடகையிலேயே இருந்திருந்தால் 49.7 லட்சம். பத்திரச் செலவும் உள்வேலைச் செலவும் ஐந்தாண்டில் ஈடாவதில்லை.

கட்டிக்கொண்டிருக்கும் வீடு விலை குறைவாக இருக்கிறதே?

அதற்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, கட்டி முடித்துச் சான்றிதழ் வாங்கிய வீட்டுக்குக் கிடையாது. 65 லட்சத்தில் அது 3.25 லட்சம். சாவி கைக்கு வரும்வரை வாடகையும் கொடுத்து, வங்கி விடுவித்த தொகைக்கு வட்டியும் கட்ட வேண்டும். இந்த இரண்டையும் ஈடுகட்டும் அளவுக்கு விலை குறைவாக இருந்தால் பார்க்கலாம்.

வாடகையிலேயே இருப்பதாக முடிவு செய்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒப்பந்தத்தை. தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏற்றம், காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள். ஏற்றம் 5-க்குப் பதில் 8 சதவீதம் என்று போனால் மேலே உள்ள கணக்கு முழுவதும் வாங்கியவர் பக்கம் சாயத் தொடங்கும்.

வாடகைக்கு இருப்பதில் இன்னொரு பயனும் உண்டு. வாங்க நினைக்கும் பகுதியில் ஒரு வடகிழக்குப் பருவமழையைக் குடியிருந்தே பார்த்துவிடலாம். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததைத் தாம்பரம் வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை.

பத்தாண்டுக்குப் பிறகு? வயதான காலத்திலும் வாடகையா?

நல்ல கேள்வி. பத்தாண்டுக் கணக்கின் பெரிய குறையே இதுதான். வாடகை 5 சதவீதம் ஏறிக்கொண்டே போனால் இருபதாம் ஆண்டையொட்டி அது 46,000-ஐத் தொட்டுவிடும். வாங்கியவருக்கோ அப்போது கடனே முடிந்திருக்கும். ஆகையால் வாழ்நாள் முழுவதும் வாடகையிலேயே இருங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் பத்தாம் ஆண்டு முடிவில் நின்று பாருங்கள். விலை 5 சதவீதம் ஏறி, இன்றைக்கு நீங்கள் விட்டுவிடும் அதே ஃபிளாட்டை அப்போது 105.88 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள். மறுவிற்பனைக்கு இப்போதுள்ள 9 சதவீதப் பதிவுச் செலவே அப்போதும் இருந்தால், மொத்தம் 115.4 லட்சம். கையில் 83.24 லட்சம் இருக்கும். கடன் தேவை 32 லட்சம் சுற்றி. இன்றே வாங்கியவருக்கு அன்று பாக்கி இருப்பது 35.85 லட்சம். விலை 7 சதவீதம் ஏறியிருந்தால் நீங்கள் 56 லட்சம் கடன் வாங்க வேண்டியிருக்கும். அப்போது நாற்பது வயதைக் கடந்திருப்பீர்கள், தவணைக்காலமும் குறையும். அந்த அபாயம் இருக்கிறது என்று தெரிந்தே முடிவெடுங்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை அந்தத் தெருவின் விற்பனை விலையையும் வாடகையையும் மீண்டும் கேட்டு, ஆண்டு வாடகை நான்கரை சதவீதத்தைத் தொட்டுவிட்டதா என்று பாருங்கள். தொட்டுவிட்டால் பத்தாண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.